நிலா காயும், சந்திரன் காயாது

"நிலா, நிலவு, மதி, திங்கள், பிறை, சந்திரன் எல்லாமே ஒன்றுதானே? சினிமாப் பாட்டில் ஒரு இடத்தில் நிலா வருகிறது, இன்னொரு இடத்தில் சந்திரன் வருகிறது. மெட்டில் உட்காருவதற்காக மட்டும்தான் மாற்றுகிறார்களா, இல்லை அர்த்தத்திலும் வித்தியாசம் இருக்கிறதா?"

மெட்டும் ஒரு காரணம்தான், அதைப் பிறகு சொல்கிறேன். ஆனால் அதற்கு முன்னால் ஒரு விஷயம் இருக்கிறது. இந்தச் சொற்கள் எல்லாம் ஒரே பொருளைக் குறிப்பதாக அகராதி சொல்லும். பேசுகிற வாய் அப்படிச் சொல்லாது.

எங்கள் பாட்டி கோடைக்காலத்தில் ராத்திரிச் சாப்பாட்டை மொட்டைமாடிக்குக் கொண்டுவரச் சொல்வார். யாராவது விளக்கை எடுத்தால், "அதான் நிலாக் காயுதே, விளக்கு எதுக்கு?" என்பார். இந்த "நிலாக் காயுது" என்பதைக் கொஞ்சம் நின்று பாருங்கள். வெயில் காய்கிறது என்கிறோம், அதே வினைதான். சூரியன் காய்கிறது என்று யாரும் சொல்வதில்லை, வெயில்தான் காயும். அதுபோல நிலாதான் காயும், சந்திரன் காயாது. திங்கள் காயாது, மதியும் காயாது. அப்படியென்றால் பாட்டி சொன்ன நிலா மேலே வட்டமாகத் தொங்குகிற அந்தப் பொருள் இல்லை. மாடியில் பரந்து, சோற்றுத் தட்டிலும் எங்கள் கையிலும் விழுந்த வெளிச்சம்.

நிலா, நிலவு என்ற சொல்லின் பழைய பொருளும் அதுதான். அது முதலில் ஒளி, பிறகுதான் ஒளி தருகிற பொருளுக்கும் பெயராயிற்று. கூட்டுச் சொற்களை எடுத்து வைத்துப் பார்த்தால் இது இன்னும் பளிச்சென்று தெரியும். நிலாச்சோறு, நிலாமுற்றம் இரண்டும் வெளிச்சம் விழுகிற இடத்தோடும் நேரத்தோடும் சேர்ந்தவை. சந்திர கிரகணம், சந்திர மண்டலம், சந்திராஷ்டமம் எல்லாம் வானத்தில் இருக்கிற உருண்டையையோ ஜாதகக் கட்டத்தில் இருக்கிற கிரகத்தையோ பற்றியவை. "நிலா கிரகணம்" என்று யாரும் சொல்லக் கேட்டதில்லை, "சந்திரச் சோறு" என்று சொன்னால் குழந்தைகூடச் சிரிக்கும். பழமொழி ஒன்று உண்டு: காட்டில் எறித்த நிலா, கானலில் பெய்த மழை. பார்க்க ஆள் இல்லாத இடத்தில் விழுந்து வீணாகும் வெளிச்சம் என்று பொருள். அங்கேயும் எறிப்பது நிலாதான்.

இந்தப் பழமொழியை மனதில் வைத்துக்கொண்டு, 'இந்திரா' (1995) படத்தில் வைரமுத்து எழுதிய பாட்டின் தொடக்கத்தைக் கேளுங்கள். "நிலா காய்கிறது, நேரம் தேய்கிறது, யாரும் ரசிக்கவில்லையே." காட்டில் எறித்த நிலாவின் அதே ஏக்கம். வெளிச்சம் கொட்டிக் கிடக்கிறது, பார்ப்பவர் இல்லை. "காய்கிறது" என்ற வினை வந்ததும் நாம் வானத்தை அண்ணாந்து பார்ப்பதில்லை, தரையைப் பார்க்கிறோம். அடுத்த இரண்டு சொற்களில் இன்னொன்று நடக்கிறது. தேய்வது நிலாவின் வேலை. அதைப் பிடுங்கி நேரத்துக்குக் கொடுத்துவிட்டார். நிலா முழுசாகக் காய்கிறது, பொழுதுதான் பிறையாகக் கரைகிறது. இங்கே "சந்திரன்" என்று போட்டுப் பாருங்கள். மெட்டில் எப்படியோ நுழைத்துவிட்டாலும் "காய்கிறது" என்ற வினை ஒட்டாது. வினை ஒட்டாவிட்டால் வரி முழுக்க விழுந்துவிடும்.

ஒரு பாட்டில் எந்தச் சொல் ஏன் வந்தது என்று சோதிக்க எனக்குத் தெரிந்த நல்ல வழி இதுதான். பக்கத்தில் இருக்கிற வினையைப் பாருங்கள். காய்கிறது, பொழிகிறது, சுடுகிறது என்று வந்தால் அது ஒளி. அங்கே நிலாவோ நிலவோதான் இயல்பாக நிற்கும். 'தங்கமலை ரகசியம்' (1957) படத்தில் பி. சுசீலா "அமுதைப் பொழியும் நிலவே" என்று தொடங்குவதை நினைத்துப் பாருங்கள். பொழிய ஒளி வேண்டும். அது மேலிருந்து இறங்கித் தன் மேல் விழ வேண்டும். அப்படி விழுகிற ஒன்றைப் பார்த்துத்தான் அருகில் வராதது ஏன் என்று கேட்கிறாள். ஒளி வந்துவிட்டது, ஆள் வரவில்லை. ஒரே சொல்லில் ஒளியும் ஆளும் இரண்டுமே இருப்பதால்தான் அந்தக் கேள்விக்கு உயிர்.

சரி, சந்திரனுக்கு வருவோம். இது வடமொழியிலிருந்து வந்த சொல். தமிழில் "ன்" விகுதியோடு ஆண்பாலாக நிற்கிறது. புராணத்திலும் அவன் ஆண்தான். 27 நட்சத்திரங்களை மணந்து, ரோகிணியிடம் மட்டும் மயங்கிக் கிடந்து, மாமனார் தட்சனின் சாபத்தால் தேய்ந்தவன். ஆகவே காதலியை நேராகப் பார்த்து "சந்திரனே" என்று எந்தக் கவிஞரும் அழைக்க மாட்டார். பெண்ணுக்குப் பெயர் வைக்கும்போதும் சந்திரா, சந்திரிகா, சந்திரலேகா என்று விகுதியை மாற்றித்தான் வைக்கிறோம். நிலாவுக்கு அந்தச் சிக்கல் இல்லை. இலக்கணப்படி அது அஃறிணை, ஆணும் இல்லை பெண்ணும் இல்லை. அதனால் அப்படியே பெண்ணாக்கிக்கொள்ளலாம். பாரதி கண்ணம்மாவிடம் "வெண்ணிலவு நீ எனக்கு" என்று சொல்வது எவ்வளவு இயல்பாக விழுகிறது!

அப்புறம் சந்திரன் சினிமாப் பாட்டில் எங்கே வருகிறான்? இரண்டு இடங்களில் அவனுக்கு உரிமை உண்டு. ஒன்று, சூரியனோடு ஜோடியாக நிற்கும்போது. சூரியன், சந்திரன் என்று சேர்ந்து வந்தால் அவர்கள் சாட்சி, தெய்வம், கிரகம். 'அமரன்' (1992) படத்தில் "சந்திரரே சூரியரே" என்று ஒரு பாட்டு தொடங்கும். "ரே" என்று மரியாதை கொடுத்துக் கூப்பிட சந்திரனால்தான் முடியும், நிலாவுக்கு "ர்" விகுதி ஏறாது. இன்னொன்று, விஞ்ஞானம் பேசும்போது. 'ரட்சகன்' (1997) படத்தில் வைரமுத்துவின் பாட்டு, சந்திரனைத் தொட்டது யார் ஆம்ஸ்ட்ராங்கா என்று கேட்கும். 1969-இல் மனிதன் காலடி பதிந்த அந்த இடம், மண்ணும் கல்லும் உள்ள உருண்டை, அது சந்திரன். அதே பாட்டில் காதலியைச் சொல்ல வரும்போது சொல் மாறி "நிலவு" ஆகிவிடும். ஆம்ஸ்ட்ராங் தொட்டது சந்திரன், காதலன் தொட்டது நிலவு. மெட்டுக்காக மட்டும் சொல் மாறுவதில்லை என்பதற்கு எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் இது. செய்தித்தாளில் "நிலவில் இறங்கியது" என்றும் எழுதுகிறார்கள், அதில் தப்பில்லை. ஆனால் பாட்டில் இரண்டையும் அடுத்தடுத்து வைக்கும்போது, தொட முடிகிற பொருளுக்கும் தொட முடியாத அழகுக்கும் நடுவில் ஒரு கோடு விழுகிறது.

அடுத்தது திங்கள். இதுதான் இன்றைக்குக் கையாளக் கஷ்டமான சொல். பழந்தமிழில் திங்களுக்கு வானத்து நிலா என்றும் பொருள், மாதம் என்றும் பொருள். ஒரு நிலாச் சுற்றுதானே ஒரு மாதம், அதனால் இரண்டும் ஒன்றாக ஒட்டிக்கொண்டன. சிலப்பதிகாரம் திங்களைப் போற்றித்தான் தொடங்குகிறது, அங்கே அது வானத்துத் திங்கள். புறநானூற்றில் பாரி மகளிர் பாடிய 112-ஆம் பாட்டு "அற்றைத் திங்கள் அவ்வெண் நிலவில்" என்று தொடங்குகிறது, அங்கே திங்கள் மாதம். அந்த மாதத்தில், அந்த வெள்ளை நிலவொளியில் எங்கள் அப்பா இருந்தார், எங்கள் குன்றும் எங்களிடம் இருந்தது. இந்த மாதத்தில், இந்த நிலவொளியில் குன்றும் போயிற்று, அப்பாவும் இல்லை. திங்கள் காலத்தைச் சொல்கிறது, நிலவு ஒளியைச் சொல்கிறது. காலம் மாறிவிட்டது, ஒளி மாறவில்லை. பாட்டின் வலியே அந்த இடத்தில்தான் இருக்கிறது.

'இருவர்' (1997) படத்தின் "நறுமுகையே" பாட்டில் இந்த அடியை வைரமுத்து எடுத்து "அற்றைத் திங்கள் அந்நிலவில்" என்று காதல் காட்சிக்குக் கொண்டுவந்தார். தகப்பனை இழந்த பெண்களின் அழுகை, பொய்கையில் நீராடிய ஒருத்தியின் நினைவாக மாறிவிட்டது. இந்தப் பாட்டைக் கேட்கிறவர்களில் பாதிப்பேர் "அற்றைத் திங்கள்" என்றால் அன்றைய சந்திரன் என்று எடுத்துக்கொள்கிறார்கள். அப்படி எடுத்தால் திங்கள், நிலவு இரண்டும் ஒன்றையே சொல்லி, வரி கூறியது கூறலாகிவிடும். "அன்றொரு மாதம், அந்த நிலவொளியில்" என்று எடுத்தால்தான் இரண்டு சொல்லுக்கும் தனித்தனி வேலை இருப்பது தெரியும்.

ஆண்டாளும் இதைத்தான் செய்தாள். திருப்பாவையின் முதல் அடி, "மார்கழித் திங்கள் மதி நிறைந்த நன்னாளால்." திங்கள் மாதம், மதி நிலா. 'சங்கமம்' (1999) படத்தில் "மார்கழித் திங்கள் அல்லவா, மதி கொஞ்சும் நாள் அல்லவா" என்று வரும்போது அந்த வேலைப் பங்கீடு அப்படியே காப்பாற்றப்பட்டிருக்கிறது. மதியை எடுத்துவிட்டு இன்னொரு திங்களை வைத்தால் எது மாதம், எது நிலா என்று குழம்பிப்போகும்.

இப்போது கிழமையும் சேர்ந்துகொண்டதால் திங்களுக்கு மூன்றாவது பொருளும் வந்துவிட்டது. எனக்குத் தெரிந்த ஒரு தம்பி குறும்படத்துக்குப் பாட்டு எழுதினான். பிரிந்து போன பெண்ணுக்காகக் காத்திருக்கும் ஒருவன் பாடுவது. "திங்கள் வரும் வரை காத்திருப்பேன்" என்று எழுதி, பாடவும் வைத்துவிட்டான். முதல் தடவை போட்டுக் காட்டியபோது அறையில் இருந்த ஐந்தாறு பேரும் திங்கட்கிழமை என்றுதான் கேட்டார்கள். "வரும் வரை" என்ற தொடர்தான் அப்படி ஆக்கியது. கிழமை வரும், மாதமும் வரும், இரண்டுக்கும் காத்திருக்கலாம். காதுக்கு முதலில் அகப்படுவது கிழமைதான். அவனுக்கு ரொம்ப வருத்தம். சொல் தப்பு இல்லை, பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற வினைதான் தப்பு என்று சொன்னேன். "வெண் திங்கள்" என்று நிறத்தைச் சேர்த்தாலோ, "திங்கள் ஒளிர" என்று ஒளியைச் சேர்த்தாலோ காது கிழமைப் பக்கம் போகாது. கடைசியில் அவன் "நிலவு எழும் வரை" என்று மாற்றினான். மாத்திரை கிட்டத்தட்ட அதே அளவு, பாடியவருக்கும் சிரமம் இல்லை.

மதிக்கும் இதே போன்ற ஒரு சங்கடம் உண்டு. அறிவு என்ற பொருள் ஒரு பக்கம். "மதியம்" என்று நீட்டினால் இன்னொரு பக்கம். அப்பர் "மாசில் வீணையும் மாலை மதியமும்" என்று பாடியபோது மதியம் என்றால் நிலா. இன்றைக்கு மதியம் என்றால் சாப்பாட்டு நேரம். அதனால் புதுப் பாட்டில் மதியத்தை நிலாவாக யாரும் வைக்க முடியாது. மதியையும் சினிமாவில் தனியாக விடுவது குறைவு, முன்னால் ஒரு அடைமொழி காவலுக்கு நிற்கும். முழுமதி, வான்மதி, வெண்மதி. 'அரண்மனைக் கிளி' (1993) படத்தில் "வான்மதியே ஓ வான்மதியே" என்று அழைத்துத் தூது போகச் சொல்வார்கள். 'மின்னலே' (2001) படத்தில் வாலி "வெண்மதி வெண்மதியே நில்லு" என்றார். அந்த "வான்", அந்த "வெண்" இல்லாமல் வெறும் "மதியே" என்று கூப்பிட்டால், அறிவே என்று அழைப்பது போலவும் கேட்கும்.

மதியின் தனிச் சுவை என்ன என்று கேட்டால், அது முகம். மதிமுகம் என்ற சேர்க்கை தமிழில் பல நூற்றாண்டுகளாக ஊறிக் கிடக்கிறது. நிலா உடம்பெல்லாம் படர்கிற ஒளி என்றால், மதி வட்டமான, நிறைந்த, பார்க்கத் தகுந்த வடிவம். அதனால்தான் மதியோடு வரும் வினை "நிறைதல்". நிலா நிறைந்தது என்றால் வெளிச்சம் நிரம்பியது என்று படும், மதி நிறைந்தது என்றால் வட்டம் முழுமையானது என்று படும். இன்னொரு விஷயம், மதி என்ற சொல் வந்த உடனே பாட்டு கொஞ்சம் ஏட்டுத் தமிழ்ப் பக்கம் சாயும். கிராமத்துக் கதாநாயகன் வாயில் "முழுமதி" வந்தால் உறுத்தும், அரசர் படத்தில் உறுத்தாது.

பிறையை எளிதாகச் சொல்லிவிடலாம். அது ஒளி இல்லை, ஆள் இல்லை. அது ஒரு வடிவம், கூடவே ஒரு நிகழ்ச்சி. பிறையைப் பார்க்க வேண்டும், தேட வேண்டும். அமாவாசை முடிந்ததும் கண்ணுக்கு எளிதில் சிக்காது. மூன்றாம் நாள் மேற்கே, சூரியன் மறைந்த பிறகு கொஞ்ச நேரம் தெரிந்துவிட்டு இறங்கிவிடும். பாலு மகேந்திரா தன் படத்துக்கு 'மூன்றாம் பிறை' (1982) என்று பெயர் வைத்ததை இதோடு சேர்த்துப் பாருங்கள். ஒருவன் வாழ்க்கையில் கொஞ்ச காலம் தெரிந்துவிட்டு மறைந்து போகிற பெண்ணின் கதை. அங்கே "நிலா" என்று வைத்திருந்தால் அந்தக் குறுகிய நேரம் தலைப்பில் வந்திருக்காது. 80 வயது தாண்டிய பெரியவரை ஆயிரம் பிறை கண்டவர் என்கிறோம். மாதத்துக்கு ஒரு முறை பார்க்கக் கிடைப்பது பிறை, அதனால்தான் எண்ண முடிகிறது. 'மயக்கம் என்ன' (2011) படத்தில் "பிறை தேடும் இரவிலே" என்று வருவதும் இந்த வழியில்தான். நோன்புக் காலத்தில் மாடியில் ஏறி நின்று பிறை பார்த்தவர்களுக்கு அந்தத் "தேடும்" என்ற சொல் உடனே புரியும். நிலாவைத் தேட வேண்டியதில்லை, அது தானே வந்து காயும். இருட்டில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு தேட வேண்டியது பிறை.

இப்போது மெட்டு. இசையமைப்பாளர் தத்தகாரத்தில் மெட்டைத் தருவார், கவிஞர் அதில் சொல்லை உட்கார்த்துவார். நிலா "தனா", நிலாவே "தனானே", நிலவே "தனனே", வெண்ணிலா "தன்னனா", வெண்ணிலவே "தன்னனனே". பொருளை மாற்றாமலே இத்தனை நீளம் கிடைக்கிறது. சந்திரனுக்கோ திங்களுக்கோ இவ்வளவு வளைவு கிடையாது. சினிமாவில் நிலா இவ்வளவு குவிந்து கிடப்பதற்கு அழகு மட்டும் காரணமில்லை, இந்த நெகிழ்வும்தான் காரணம்.

ஆனால் நீளம் மாறும்போது உணர்ச்சியும் மாறுகிறது. 'மௌன ராகம்' (1986) படத்தில் வாலி எழுதிய "நிலாவே வா" பாட்டையும், 'அடிமைப் பெண்' (1969) படத்தில் புலமைப்பித்தன் எழுதிய "ஆயிரம் நிலவே வா" பாட்டையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். இரண்டையும் பாடியது எஸ்.பி.பி., இரண்டிலும் அழைப்பு "வா"தான். நிலவே என்பதில் முதல் இரண்டு எழுத்தும் குறில், சொல் துள்ளிக்கொண்டு ஓடுகிறது. பக்கத்தில் நிற்பவளைக் கொஞ்சி அழைப்பது போல இருக்கிறது. நிலாவே என்பதில் "லா" நீண்டு நிற்கிறது. தமிழ் இலக்கணத்தில் தூரத்தில் இருப்பவரை விளிக்கும்போது ஓசை நீளும் என்று சொல்லியிருக்கிறார்கள், தெருமுனையில் போகிறவரை நாம் கூப்பிடுவதும் அப்படித்தான். 'மௌன ராகம்' கதையில் மனைவி அதே வீட்டில்தான் இருக்கிறாள், ஆனால் மனதால் விலகி நிற்கிறாள், விவாகரத்து கேட்டுவிட்டாள். பக்கத்து அறையில் இருப்பவளைத் தொலைவில் இருப்பவளாக நினைத்து அழைக்கிற அந்த நெடில் எனக்கு எப்போது கேட்டாலும் உறைக்கும். அங்கே "நிலவே வா" என்றிருந்தால் இந்தத் தூரம் வந்திருக்காது என்பது என் எண்ணம்.

நிலாவின் நெடிலை முழுசாகப் பிழிந்து எடுத்தவர் கண்ணதாசன். 'பட்டினப்பிரவேசம்' (1977) படத்தில் "வான் நிலா நிலா அல்ல, உன் வாலிபம் நிலா" என்று தொடங்குகிற பாட்டில் அடி தோறும் "லா"வில் முடியும். சும்மா நிலா, நிலா என்று திருப்பிச் சொல்லவில்லை. தமிழில் "இல்" என்ற உருபோடு கேள்விக்குரிய "ஆ" சேர்ந்தால் "இலா" என்று ஆகும். கண்ணிலா, பெண்ணிலா, கல்லிலா, சொல்லிலா. இருக்கிற இடத்தைக் கேள்வியாகக் கேட்டாலே அது நிலாவோடு இயைபாகிவிடும். இந்த ஒரு திறவுகோல் கிடைத்ததும் பாட்டு முழுக்கக் கதவு திறந்துகொண்டே போகிறது. தெய்வம் எங்கே இருக்கிறது, கல்லிலா, ஒருத்தியின் சொல்லிலா என்று கேட்கும் போது, நிலா என்ற சொல்லே வராமல் நிலாவின் ஓசை மட்டும் தொடர்கிறது. இன்னொரு பக்கம் "இல்லாத" என்பதிலும் "லா" உண்டு. அவள் இல்லாத நாளெல்லாம் நான் தேய்ந்த வெண்ணிலா என்று காதலன் சொல்கிறான். இல்லாமைக்குள் நிலாவின் எழுத்து ஒளிந்திருக்கிறது, அந்த இல்லாமைதான் அவனைத் தேய்க்கிறது. இதையும் கவனியுங்கள், இங்கே நிலாவாக இருப்பது ஆண். நிலா என்றால் காதலிதான் என்பது வழக்கமே தவிர விதி இல்லை. அஃறிணைச் சொல்லாக இருப்பதால் தேவைப்படும்போது ஆணும் அதற்குள் வந்து உட்காரலாம்.

கண்ணதாசன் ஒளி, ஆள் என்ற இரண்டு பொருளையும் ஒரே வரியில் மோத விடுவதில் கெட்டிக்காரர். 'போலீஸ்காரன் மகள்' (1962) படத்தில் "நிலவுக்கு என்மேல் என்னடி கோபம், நெருப்பாய் எரிகிறது" என்றார். நிலவு அவளும்தான், வெளிச்சமும்தான். அவள் கோபித்தால் அந்த வெளிச்சம் சுடுகிறது. காய்தல் என்ற வினையில் சூடும் இருக்கிறது அல்லவா, குளிர் காய்கிறோம், வெயில் காய்கிறோம். பிரிவில் நிலா சுடும் என்பது பழைய மரபு. கம்பராமாயணத்தில் மிதிலையில் ராமனைக் கண்டு மயங்கிய சீதை நிலாவிடம் முறையிடுவாள். நீ கொடியவனும் இல்லை, அமுதத்தோடு பிறந்தவன், என்னை ஏன் சுடுகிறாய் என்பாள். அவளுடைய விளி, "கடல் தோன்றிய திங்களே." பிறப்பைச் சொல்லிக் குற்றம் சாட்டும்போது, ஆள் முகம் கொண்ட திங்கள் வந்துவிட்டது. கண்ணதாசன் வரியில் குற்றச்சாட்டு இல்லை, செல்லக் கொஞ்சல்தான் இருக்கிறது, அதனால் எரிகிற ஒளியான நிலவே போதும்.

கடைசியாக அம்புலி. இந்தச் சொல் சினிமாக் காதல் பாட்டில் பெரிதாக இல்லை, ஏனென்றால் இது குழந்தையின் சொல். 1947-இல் தொடங்கிய 'அம்புலிமாமா' பத்திரிகையை நினைத்தாலே போதும், நிலா மாமாவாகிவிடுகிறது. பிள்ளைத்தமிழில் அம்புலிப் பருவம் என்று ஒன்று உண்டு. குழந்தையோடு விளையாட வா என்று நிலாவைக் கூப்பிடுவார்கள். நயமாகப் பேசுவார்கள், நீயும் குழந்தையும் ஒன்று என்பார்கள், குழந்தைக்கு நீ ஈடாவாயா என்று சீண்டுவார்கள், இது தருகிறேன் அது தருகிறேன் என்பார்கள், வராவிட்டால் என்ன ஆகும் என்று மிரட்டவும் செய்வார்கள்.

சொல் போய்விட்டாலும் அந்த அழைப்பு சினிமாவில் போகவில்லை. 'மிஸ்ஸியம்மா' (1955) படத்தில் தஞ்சை ராமையாதாஸ் "வாராயோ வெண்ணிலாவே, கேளாயோ எங்கள் கதையே" என்று எழுதினார். இரண்டு பேரும் ஒருவர் மேல் ஒருவர் நிலாவிடம் புகார் சொல்கிறார்கள், பஞ்சாயத்துக்கு மாமாவைக் கூப்பிடுவது போல. அங்கே நிலா காதலி இல்லை, கேட்கிற ஆள். 'மின்சார கனவு' (1997) படத்தில் "வெண்ணிலவே வெண்ணிலவே விண்ணைத் தாண்டி வருவாயா, விளையாட ஜோடி தேவை" என்று வருவது அசல் அம்புலிப் பருவம்தான். விளையாடக் கூப்பிடுகிறார்கள், காதலியைச் சொல்கிறார்களா வானத்து நிலாவையே சொல்கிறார்களா என்று பிரிக்க முடியாதபடி கூப்பிடுகிறார்கள். அப்புறம் ஒரு வாக்குறுதி கொடுக்கிறார்கள், யாரும் பார்ப்பதற்கு முன்னால் அதிகாலையில் திருப்பி அனுப்பிவைக்கிறோம் என்று. எங்கள் பாட்டி சோறு பிசைந்து வைத்துக்கொண்டு, "நிலா நிலா ஓடி வா" என்று எங்கள் தங்கைக்காகக் கூப்பிடும்போதும் இப்படித்தான் பேரம் பேசுவார். ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போயிடு, உங்கம்மா தேடுவா என்பார்.